வரம்போடு நிற்கும் மஞ்சள், வரம்பைத் தாண்டும் மஞ்சள்

ஜனவரி மாதக் கடைசியில் தம்பலகாமம் வயல்வெளிக்கு மேலிருந்து எடுத்த ஒரு படத்தை எண்ணிக்கொள்வோம். தென்மேற்கே கந்தளாய்க் குளத்திலிருந்து இறங்கி வரும் வாய்க்கால்கள், கிழக்கே தம்பலகாமம் குடா, இரண்டுக்கும் நடுவே பெரும்போக வெள்ளாமை. பரந்து கிடக்கும் பச்சைக்கு நடுவில் ஓரிடத்தில் மட்டும் மஞ்சள் விழுந்திருக்கிறது. படத்தைப் பார்க்கும் எவரும் முதலில் கேட்பது, "அது என்ன நோய்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் படம் மட்டும் விடை தராது என்பதே இக்கட்டுரையின் வாதம். நெல் முற்றினாலும் மஞ்சள்தான். தழைச்சத்துக் குறைந்தாலும், தண்ணீர் வற்றினாலும், உவர் ஏறினாலும், தத்தி அடித்தாலும் மஞ்சள்தான். படம் வாசிப்பவர் துணிந்து சொல்லக்கூடியவை வேறு: திட்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, அதன் விளிம்பு எப்படிப் போகிறது, முந்தைய படத்தில் அது இருந்ததா என்பவை. இவற்றுள் விளிம்புதான் அதிகம் பேசும். காரணத்தை அது சொல்லிவிடாது. ஆனால் பத்துக் காரணங்களை இரண்டு மூன்றாகக் குறுக்கித் தரும்.

அதற்கு முன், ஒரு படத்தில் எவ்வளவு சிறிய பொருள் தெரியும் என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கை முழுவதையும் 1956இல் விமானத்திலிருந்து படம் பிடித்தார்கள். கொழும்புத் திட்ட உதவியின் கீழ் கனடிய நிறுவனம் ஒன்று செய்த வேலை அது. கறுப்பு வெள்ளைப் படங்கள். அளவுத்திட்டம் நாற்பதாயிரத்துக்கு ஒன்று. அதாவது படத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 40 மீற்றர். பத்து மீற்றர் அகலமான ஒரு வரவை அதில் கால் மில்லிமீற்றர்தான். தனி வரவையாக அது கண்ணுக்குப் படாது. நூற்றுக்கணக்கான வரவைகள் சேர்ந்து தரும் நுண்ணிய கட்டக் கோலமாகவே வயல்வெளி தெரியும். அந்தக் கோலத்தை வைத்து, இது வரம்பு கட்டிய நெல் வயல், இது சேனை, இது காடு என்று நம்பிக்கையோடு பிரித்துவிடலாம். ஒரு வரவையில் பயிர் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.

இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செய்மதிப் படத்தின் ஒரு புள்ளி, நிலத்தில் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர் என்பதால், ஏக்கருக்கு நாற்பது புள்ளிகள் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏக்கர் இருபது மீற்றர் அகலமும் இருநூறு மீற்றர் நீளமுமான ஒரு கீற்றாக இருந்தால், குறுக்கே இரண்டே புள்ளிகள்தான். கீற்றின் ஓரத்தில் விழும் புள்ளியில் வரம்பின் புல்லும் பக்கத்து வயலின் நிறமும் கலந்துவிடும். நடுவில் ஒரு வரிசை கலப்பில்லாமல் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். கீற்று சற்றுச் சாய்வாகப் போனால் அதுவும் கிடைக்காது. ஆகவே ஒரு தனி வயலைக் காட்டி, "உங்கள் பயிர் பக்கத்து வயலைவிட மெலிவு" என்று அத்தகைய படத்தை வைத்துச் சொல்பவர், புள்ளியின் அளவை மறந்தே பேசுகிறார். நூறு ஏக்கர் வெளியைப் பற்றி அதே ஆள் சொன்னால் நம்பலாம்.

அடுத்தது நிழல். கூர்மையான படங்களில் குளக்கட்டு, வாய்க்காற்கரை, மரவரிசை எல்லாவற்றுக்கும் நிழல் விழும். திருகோணமலை வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஜனவரி மாதக் காலையில் சூரியன் தென்கிழக்கில் நிற்கும்; நிழல் வடமேற்கே, அதாவது வடக்கை மேலே வைத்த படத்தின் மேற்பக்கமாக விழும். வெளிச்சம் மேலிருந்து வரும் என்றே நம் கண் பழகியிருப்பதால், இப்படி நிழல் விழுந்த படத்தில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். குளக்கட்டு ஒரு நீண்ட அகழிபோல் தெரியும். ஆழமான வாய்க்கால் திடலாகத் தெரியும். ஜூன் மாதத்தில் சூரியன் வடகிழக்கே போய்விடுவதால் அதே இடம் சரியாகத் தெரியும். பெரும்போகப் படத்தையும் சிறுபோகப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், "இடையில் கரையை வெட்டிவிட்டார்கள்" என்றுகூட எழுதிவிட வாய்ப்புண்டு. நிழல் தம்மை நோக்கி விழும்படி படத்தைத் திருப்பி வைத்தால் மயக்கம் தீரும். பழகிய வாசிப்பாளர் படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் நாளையும் நேரத்தையும் தேடுவது இதனால்தான்.

நாள் தெரியாமல் நிறத்தைப் பற்றிப் பேசவே முடியாது. மூன்றரை மாத நெல்லுக்கு ஏறத்தாழ 105 நாள். உழுது தண்ணீர் கட்டிய வயல் கபிலமாகவோ கறுப்பாகவோ தெரியும். சூரியன் பட்டுத் தெறித்தால் வெள்ளையாகவும் மின்னும். விதைத்து மூன்று வாரத்தில் வெளிர்ப்பச்சை, அதற்குள் தண்ணீரின் கருமை. இரண்டு மாதத்தில் பயிர் மூடி முழுப் பச்சை. கடைசி முப்பது நாளில் பச்சை வெளுத்துப் பொன்னிறமாகும். அறுவடைக்குப் பின் வைக்கோலின் வெளிர்மஞ்சள். வைக்கோலைக் கொளுத்திய இடத்தில் கருந்திட்டு. இந்த வரிசையில் மஞ்சள் ஓரிடத்தில் நல்ல செய்தி, மற்றோரிடத்தில் கெட்ட செய்தி. எழுபதாம் நாளில் தெரியும் மஞ்சளுக்கும் தொண்ணூறாம் நாளில் தெரியும் மஞ்சளுக்கும் பொருள் வேறு. ஆனால் படத்தில் இருப்பது படம் பிடித்த நாள் மட்டுமே; விதைத்த நாள் அதில் இல்லை. தண்ணீர் முதலில் எட்டும் தலைப்பக்கத்தார் முந்தி விதைப்பதும், கடைவயற்காரர் காத்திருந்து விதைப்பதும் வாய்க்காற் பாசனத்தில் வழமை. இரண்டு வாரம் முந்தி விதைத்தவரின் வயல் ஜனவரிக் கடைசியில் பொன்னிறம். பிந்தியவரின் வயல் கரும்பச்சை. இரண்டுமே நல்ல பயிர்கள்.

இப்போது தம்பலகாமத்து மஞ்சள் திட்டுக்கு வருவோம். முதலில் அதன் எல்லையைச் சுற்றி வர வேண்டும். மஞ்சள் ஒரு வரம்பு வரை வந்து, கோடு கிழித்தாற்போல் நின்று, மறுபக்கம் பச்சை தொடங்கினால், அந்த எல்லையை வகுத்தது பெரும்பாலும் மனிதனின் முடிவு. நிலத்தடி உவருக்கும் பூச்சிக்கும் எந்த வயல் யாருடையது என்று தெரியாது. விதைத்த நாளும் இனமும் போட்ட பசளையும்தான் வரம்போடு மாறுபவை. பிஜி 300 மூன்று மாத நெல், பிஜி 352 மூன்றரை மாத நெல். இரண்டு அயலவர் ஒரே நாளில் ஆளுக்கொன்றாக விதைத்தால், முடிவில் பதினைந்து நாள் வித்தியாசம் வரும். வரம்பின் இரு பக்கமும் இரு நிறமாக நிற்க அதுவே போதும். யூரியா ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காவிட்டாலும் இதே நேர்கோடு விழும். எனவே வாசிப்பாளர் சொல்லத்தக்கது: "நிற மாற்றம் வயல் எல்லையை ஒட்டி நிற்கிறது, பயிர்ச்செய்கையில் உள்ள வேறுபாடாக இருக்கலாம், விதைத்த நாளையும் இனத்தையும் விசாரிக்கவும்." அதற்கு மேல் ஒரு சொல் கூடினாலும் அது ஊகம்.

மஞ்சள் வட்டமாக, வரம்புகளைப் பொருட்படுத்தாமல் மூன்று நான்கு வரவைகளுக்கு மேல் பரந்திருந்தால் கதை வேறு. கபில நிறத் தத்தி அடித்த வயல் இப்படித்தான் எரியும். அடர்ந்த பயிரின் நடுவே சிறு வட்டமாகத் தொடங்கி, வெளிநோக்கிப் பெருகி, மஞ்சளிலிருந்து காய்ந்த கபிலத்துக்கு மாறும். காற்றில் பயிர் சாய்ந்தாலும் வரம்பைத் தாண்டிய திட்டு உண்டாகும். ஆனால் அது வட்டமாக இராமல், தாள்கள் ஒரே திசையில் படிந்த கோடுகளாகக் கூர்மையான படத்தில் தெரியும். மூன்றாவது வடிவம் நீண்டு வளைந்து போவது. குடாவின் ஓரத்தில், கண்டற் காட்டை ஒட்டிய தாழ்ந்த வயல்களில், கழிமுகத்து ஓடையின் வளைவோடு வளைவாகப் போகும் வெளிறிய பட்டியைக் கண்டால் உவரைச் சந்தேகிக்கலாம். மூதூர்ப் பக்கம் மகாவலியின் கழிமுகச் சமவெளியில் அதே போன்ற பட்டி தெரிந்தால், ஆறு முன்பு ஓடிக் கைவிட்ட தடமாக இருக்க இடமுண்டு. அங்கே மணல் மண் முந்திக் காயும். அதன்மேல் நிற்கும் பயிர் முந்தி வெளுக்கும். இரு இடத்திலும் மேலிருந்து தெரிவது ஒன்றேதான்: மனிதன் போடாத, நீர் போட்ட ஒரு கோடு.

இந்த விதிக்கு விலக்குகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. வட்டமாகப் பரவிய தத்தி எரிவின் ஒரு பக்கம், வரம்பில் கத்தியால் வெட்டியதுபோல் நேராக நிற்பதுண்டு. அந்தப் பக்கத்து வயற்காரர் முந்தி மருந்தடித்திருக்கலாம். அல்லது அங்கே பயிர் இளசாக இருந்திருக்கலாம். உவரும் அப்படியே. உயர்ந்த வரம்பு கடல்நீரைத் தடுத்தால் இயற்கைக் காரணமும் நேர்கோட்டில் முடியும். மறுபுறம், வரவைக்கு வரவை தண்ணீர் வெட்டிவிடும் வயல்களில், மேலே ஒருவர் மடையை அடைத்தால் கீழே நாலைந்து வரவைகள் சேர்ந்து வாடும். காரணம் மனிதன்தான், வடிவமோ வரம்பைத் தாண்டியது. ஆகவே விளிம்பு ஒரு தீர்ப்பு அல்ல, எங்கே போய்ப் பார்ப்பது என்பதற்கான சுட்டு. திட்டின் நடுவில் ஓரிடம், விளிம்பின் மேல் ஓரிடம், வெளியே நல்ல பயிரில் ஓரிடம் என்று மூன்று புள்ளிகளைக் குறித்துக் கொடுத்தால், களத்துக்குப் போகிறவர் அரை நாளில் விடையோடு திரும்பலாம். தாள்களை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்த்தால், தத்தியாயின் அங்கே மொய்த்துக்கொண்டிருக்கும். உவராயின் இலை நுனி வெளுத்துக் கருகியிருக்கும், காய்ந்த வரம்பில் வெண்பொருக்கு படிந்திருக்கும். முற்றிய நெல்லாயின் கதிர் தலை சாய்ந்து, மணி நகத்துக்கு அழுந்தாமல் கெட்டியாக இருக்கும். இந்த மூன்றில் எதுவுமே வானத்திலிருந்து தெரிவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியிலும் படம் எடுக்கிறார்களே, அது நோயைக் காட்டாதா? காட்டும், ஓரளவுக்கு. தானியப் பயிர்களின் சில நோய்களை அகச்சிவப்புப் படச்சுருளில் கண்டுகொள்ள முடியும் என்று கலிபோர்னியாவின் ராபர்ட் கோல்வெல் ஆய்வு வெளியிட்டது, இலங்கையைப் படம் பிடித்த அதே 1956இல். செழித்த இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அண்மை அகச்சிவப்பில் ஏறக்குறைய பாதியை, தன் உள்ளே உள்ள காற்றறைகளால் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். இலை நலிந்தால் இரண்டும் மாறும். இந்த இரண்டின் வேறுபாட்டை எண்ணாக்கித்தான் இன்றைய பயிர்ச் சுட்டெண்கள் வருகின்றன. ஆனால் நெல் முற்றும்போதும் சுட்டெண் இறங்கும், தாகத்திலும் இறங்கும், தத்தியிலும் இறங்கும். பயிர் மிக அடர்ந்த பிறகோ, நல்ல பயிருக்கும் மிக நல்ல பயிருக்கும் எண்ணில் வேறுபாடே தெரியாது. எண்ணாக மாறியதால் அது காரணமாக மாறிவிடவில்லை. இறங்கும் வேகத்தைப் பார்க்கலாமே என்றால், அது நல்ல யோசனைதான். முற்றுவது ஒரு மாதம் எடுக்கும். தத்தி எரிவு ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அடுத்தடுத்த படங்கள் இருந்தால் இரண்டையும் பிரித்தறியும் வாய்ப்புண்டு. சென்டினல்-2இன் இரு செய்மதிகள் ஐந்து நாளுக்கொரு முறை வருகின்றன. தடை வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்போகம் வடகீழ்ப் பருவமழையின் பயிர். நவம்பரிலிருந்து ஜனவரி வரை, பார்க்க வேண்டிய நாள்களில்தான் முகில் மூடிக் கிடக்கும். முகிலை ஊடுருவும் ராடார் செய்மதி தண்ணீர் நிற்கும் வயலைக் கருமையாகக் காட்டிக் கொடுக்கும். இலையின் நிறத்தை அது அறியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. காரணம் சொல்லாத அவதானத்தால் கமக்காரருக்கு என்ன பயன், நாட்டு நடப்பை அறிந்தவர் காரணத்தை ஊகிக்கக் கூடாதா என்பது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு பெரும்போகம் அதன் சுமையைத் தாங்கியது. அந்தப் போகத்தின் வெளிறிய வயல் ஒன்றைப் படத்தில் கண்டு "பசளையில்லாததால்" என்று எழுதுவது எளிது, பல இடங்களில் உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தக் காரணம் செய்தித்தாளிலிருந்து வந்தது, படத்திலிருந்து வரவில்லை. அதே ஊரில் தத்தி எரித்த வயலும் அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகும். இன்னொன்று: 2006 ஜூலையில் மாவிலாற்றுத் துரிசு மூடப்பட்டது. மூதூர், சேருவிலப் பக்கத்துச் சிறுபோக வயல்களுக்குத் தண்ணீர் நின்றது; அதைச் சுற்றி மூண்ட சண்டை போரின் கடைசிக் கட்டத்தைத் தொடக்கிவைத்தது. அந்த நாள்களில் வெளுக்கத் தொடங்கிய ஒரு வயலைப் படம் வெளிறிய வயலாகவே காட்டும். துரிசை யார், எதற்காக மூடினார்கள் என்பது எவ்வளவு கூர்மையான படத்திலும் இல்லை. தவறான காரணத்தின் விலையையும் கமக்காரரே கொடுக்கிறார். உவரேறிய வயலுக்குப் பீடைநாசினி அடித்தால் காசும் போகும், நோயும் தீராது. "இங்கே போய்ப் பாருங்கள்" என்ற சுட்டு, "இதுதான் நோய்" என்ற தவறான உறுதியைவிட அவருக்கு உதவும்.

காரணத்தைவிட ஆபத்தான ஊகம் ஒன்றிருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் அதைச் சொல்லாமல் விட முடியாது. அது உரிமை பற்றியது. போர்க்காலத்தில், குறிப்பாக 1990இலும் 2006இலும், இங்கே பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. சம்பூர் மக்கள் 2006இல் வெளியேறினார்கள். தம் காணிகளுக்குத் திரும்ப 2015, 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. பத்தாண்டு உழாமல் கிடந்தால் வயலில் புல் மூடும், பிறகு பற்றை எழும், மரமும் வளரும். அந்த இடைக்காலத்துப் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது பற்றைக்காடு. அவர் "பற்றைக்காடு" என்று எழுதினால் சரி, அது நிலத்தின் அன்றைய மூடு பற்றிய அவதானம். "பயன்படுத்தப்படாத காணி" என்று எழுதினால், ஏன் பயன்படவில்லை என்பதையும் யாருக்கு அது உரியது என்பதையும் ஒரே சொல்லில் முடிவு செய்துவிடுகிறார். நல்ல வாசிப்பாளர் அங்கே இன்னும் கவனமாகத் தேடுவார். மழைக்காலப் படத்தில் பற்றைக்கு ஊடாகக் கட்டம் கட்டமாகத் தண்ணீர் நின்றால், அவை பழைய வரவைகளாக இருக்கலாம். மரங்கள் நேர்கோட்டில் நின்றால் அது வரம்பாகவோ வேலியாகவோ இருந்திருக்கலாம். 1956ஆம் ஆண்டுப் படத்தில் அதே இடத்தில் வயலின் கட்டக் கோலம் தெரிந்தால், அன்று அங்கே நெல் விளைந்தது என்று தயங்காமல் எழுதலாம். யாருடைய நெல் என்பதை அப்போதும் எழுத முடியாது. உறுதியும் அயலவர் சாட்சியமும் பேச வேண்டிய இடம் அது.

வனமா, வயலா, அரச காணியா என்று தீர்மானிக்கும் மேசைகளில் செய்மதிப் படம் இன்று முதல் ஆவணமாக விரிக்கப்படுகிறது. அந்தப் படத்தோடு, அது பிடிக்கப்பட்ட நாளும் ஒரு புள்ளியின் அளவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய ஆண்டுகளின் படத்தைக் கேளுங்கள். 1956ஆம் ஆண்டுப் படத்துக்கு நில அளவைத் திணைக்களத்தில் விசாரியுங்கள். படத்தை வாசித்தவர் களத்துக்குப் போனாரா என்று கேளுங்கள். போகவில்லை என்றால், "பற்றை தெரிகிறது" என்பதோடு அவர் அறிக்கை முடிய வேண்டும்.